மணப்பெண்ணின் தம்பி சொல்லும் டோஸ்ட்: மேடை ஏறும் முன் கேட்கும் கேள்விகள்

மார்த்தாண்டம், கருங்கல், தக்கலை, நாகர்கோவில் பக்கம் ரிசப்ஷன்களில் நிகழ்ச்சியைத் தொகுத்து வழங்குவது என் வேலை. கல்யாணத்துக்கு நாலைந்து நாள் இருக்கும்போது, மேடையில் கிளாஸ் தூக்கி மணமக்களை வாழ்த்திப் பேசும் டோஸ்டைப் பற்றிக் கேட்க மணப்பெண்ணின் தம்பியோ அண்ணனோ போன் செய்வார்கள். கேட்பது ஏறக்குறைய ஒரே கேள்விகள்தான், அதனால் எல்லாவற்றையும் இங்கே எழுதி வைக்கிறேன். சர்ச் கல்யாணம் முடிந்து ஹாலில் நடக்கும் ரிசப்ஷனை மனதில் வைத்துத்தான் பெரும்பாலும் சொல்கிறேன். இந்து வீட்டுக் கல்யாணத்துக்குத் தனியாக ஒரு பதில் இருக்கிறது. நடுநடுவே கருங்கல் பக்கத்துத் தம்பி ஒருவரின் பேச்சு வரும். அவர் அக்கா நர்ஸ், அப்பா உயிரோடு இல்லை. அந்தப் பேச்சை நாங்கள் இருவரும் உட்கார்ந்து சரிசெய்தோம், பெயர்களை மட்டும் எடுத்துவிட்டேன்.

கேக் வெட்டினதும் பேசணுமா, இல்ல எல்லாம் முடிஞ்ச பிறகா?

கேக் வெட்டி, மணமக்கள் ஒருவருக்கொருவர் ஊட்டி, இரண்டு வீட்டுப் பெற்றோருக்கும் கொடுத்து முடித்த உடனே. நம் பக்கத்து ஹால்களில் நிகழ்ச்சி பெரும்பாலும் ஆரம்ப ஜெபம், வரவேற்பு, கேக், டோஸ்ட், பிறகு வாழ்த்துரைகள், பாட்டு, பரிசு, நன்றியுரை என்ற வரிசையில் போகும். குடும்பத்துக்குக் குடும்பம் கொஞ்சம் மாறும். சிலர் டோஸ்டை நன்றியுரைக்குப் பக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள், அதை நான் எப்போதும் தடுக்கப் பார்ப்பேன். காரணம் முதல் பந்தி. சாப்பாட்டு ஹாலில் இலை போட்டாச்சு என்று ஒரு குரல் வந்தால் போதும், பின்வரிசை முழுவதும் எழும்பும், நாற்காலி இழுக்கிற சத்தத்தில் உங்கள் பேச்சு கரைந்துபோகும். கேக் வெட்டும் நேரத்தில் எல்லாரும் மேடையைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார்கள், ஆகவே அந்தக் கண்கள் மேடையில் இருக்கும்போதே பேசிவிட வேண்டும்.

நிகழ்ச்சி நிரலை எழுதுபவர் யார் என்று முன்னாடியே விசாரித்து அவரிடம் சொல்லி வையுங்கள். மாப்பிள்ளை வீட்டிலும் ஒருவர் டோஸ்ட் சொல்ல ஆசைப்பட்டால், ஒருவர் கிளாஸ் தூக்கட்டும், மற்றவர் வாழ்த்துரையாகப் பேசட்டும். இரண்டு முறை கிளாஸ் தூக்கினால் இரண்டாவது எடுபடாது.

எவ்வளவு நேரம் பேசலாம்?

மூன்று நிமிடம் நல்லது, நாலு நிமிடம் தாராளம். வீட்டில் வாசித்துப் பார்த்து மூன்று நிமிடம் வந்தால் மேடையில் நாலு ஆகும். சிரிப்புக்கும் கைதட்டுக்கும் நடுவில் நின்றாக வேண்டும், குரலும் மெதுவாகும். மனதுக்குள் வாசித்து நேரம் பார்க்காதீர்கள், அது எப்போதும் குறைவாகத்தான் காட்டும். நின்றுகொண்டு, வாய் திறந்து, போனில் டைமர் போட்டு வாசியுங்கள்.

கருங்கல் தம்பி முதலில் எழுதி வந்தது ஏழு நிமிடத்துக்கு மேல் ஓடியது. அதில் முதல் இரண்டு நிமிடம் முழுக்க வணக்கமும் நன்றியும்தான்.

மேடையில இருக்க எல்லாருக்கும் பேர் சொல்லி வணக்கம் சொல்லணும்லா?

வேண்டாம். அதை வரவேற்புரை செய்பவர் ஏற்கெனவே செய்திருப்பார், அப்புறம் நன்றியுரையில் இன்னொரு முறை வரும். நீங்கள் பட்டியல் போட ஆரம்பித்தால் ஒரு பெரியப்பா பெயர் நிச்சயம் விடுபடும், அந்த வருத்தம் பேரன் கல்யாணம் வரைக்கும் வரும். போதகர் ஐயாவுக்கு, அல்லது கத்தோலிக்கக் கல்யாணம் என்றால் பங்குத்தந்தைக்கு, ஒரு வணக்கம். பிறகு "இரண்டு வீட்டுப் பெரியவங்களுக்கும், வந்திருக்க எல்லாருக்கும்" என்று ஒரே வாக்கியம். "நான் பொண்ணோட தம்பி" என்பதை மறக்காமல் சொல்லுங்கள். ஹாலில் பாதிப் பேர் மாப்பிள்ளை வீட்டார், அவர்களுக்கு நீங்கள் யாரென்று தெரியாது.

அக்காவைப் பத்தி நூறு கதை இருக்கு. எதைச் சொல்றது?

ஒன்றே ஒன்று. இதில்தான் பேச்சின் உயிர் இருக்கிறது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

கருங்கல் தம்பி நாலு கதை கொண்டு வந்தார். அக்கா பிளஸ் டூவில் பள்ளியில் முதலிடம் வந்தது. ஸ்கூட்டர் பழகும்போது வேலிக்குள் விழுந்தது. குடும்ப வாட்ஸப் குழுவில் அவள் போட்ட ஒரு மெசேஜ். நாலாவது, சின்ன வயதில் மீனில் முள் எடுத்துக் கொடுத்தது. கடைசிக் கதையை அவர் கதையாகவே நினைக்கவில்லை, பேச்சுவாக்கில் வந்தது.

முதலிடக் கதை பெருமைதான், ஆனால் அதில் பார்க்க ஒன்றும் இல்லை, கேட்பவன் தலையாட்டிவிட்டுப் போவான். ஸ்கூட்டர் கதை சிரிக்க வைக்கும், ஆனால் அக்கா அதில் விழுகிறாள், அவ்வளவுதான். கல்யாண நாளில் பட்டுச்சேலை கட்டி உட்கார்ந்திருப்பவளை வேலிக்குள் தள்ளி என்ன பயன்? வாட்ஸப் கதையை விளக்கவே ஒரு நிமிடம் ஆகும், குழுவில் இருக்கிற பத்துப் பேர் மட்டும் சிரிப்பார்கள்.

முள் எடுத்த கதை வேறு மாதிரி. கிழங்கும் சாளைக் கறியும் என்று சொன்னவுடனே நம் ஜில்லாவில் எல்லார் நாக்கிலும் அது வந்துவிடும், பின்னணி விளக்க வேண்டியதே இல்லை. அக்கா அதில் ஏதோ செய்கிறாள், கையால் செய்கிறாள். அவள் எப்படிப்பட்டவள் என்று நீங்கள் சொல்ல வேண்டாம், கேட்பவரே கண்டுபிடித்துக்கொள்வார். சிரிப்பும் அதற்குள்ளேயே இருக்கிறது, ஏனென்றால் முள் எடுக்கத் தெரியாதவன் தம்பி. கதையைத் தேர்ந்தெடுக்கும்போது நான் பார்ப்பது இதைத்தான்: அக்கா ஏதாவது செய்ய வேண்டும், சிரிப்பு பேசுகிறவன் மேல் விழ வேண்டும், அவளைத் தெரியாத மாப்பிள்ளை வீட்டு அத்தைக்கும் ஒரே மூச்சில் புரிய வேண்டும்.

கிண்டல் எந்த அளவுக்குப் போகலாம்? பிரண்ட்ஸ் எல்லாம் நல்லா ஓட்டணும்னு சொல்றானுவ.

பிரண்ட்ஸுக்காகப் பேசாதீர்கள், அவர்கள் எதற்கும் சிரிப்பார்கள். முன்வரிசையில் இருக்கும் மாப்பிள்ளையின் அம்மாவைப் பாருங்கள். அவர் சிரித்தால் அது சரியான கிண்டல்.

தம்பியின் முதல் பிரதியில் ஒரு வரி இருந்தது: "இவளுக்கு மாப்பிள்ளை பாத்துப் பாத்தே புரோக்கர் செருப்பு தேஞ்சு போச்சு." எழுதும்போது எல்லாருக்கும் சிரிப்பு வரும். மேடையில் அதைக் கேட்கும் மாப்பிள்ளை வீட்டார் காதில் விழுவது, இதற்கு முன் எத்தனையோ பேர் வேண்டாம் என்று போனார்கள் என்பது. அக்காவுக்கோ, அந்த ஒவ்வொரு பெண் பார்க்கும் நாளும் நினைவுக்கு வரும். அதை அடித்துவிட்டோம். நிறம், உடம்பு, வயது, பழைய சம்பந்தப் பேச்சு, நகை, பணம், குழந்தை எப்போது என்பது, முதலிரவு சம்பந்தமான எதுவும், இவை எல்லாம் வேண்டவே வேண்டாம். "சமைக்கத் தெரியாது" என்பதும் வேண்டாம். நீங்கள் விளையாட்டாகச் சொன்னது அந்த வீட்டு அடுக்களையில் வருடக்கணக்கில் ஓடும்.

அவள் தன்னைப் பற்றித் தானே சொல்லிச் சிரிக்கும் பழக்கம் எதுவாக இருந்தாலும் சொல்லலாம். காப்பி இல்லாமல் வேலை ஓடாது, போன் சார்ஜரைத் தொட விடமாட்டாள், பெரிய மீன் துண்டு அவளுக்குத்தான், இந்த மாதிரி. சந்தேகம் இருந்தால் அக்கா வயதில் இருக்கும் ஒரு சித்தி மகளிடம் முழுப் பேச்சையும் வாசித்துக் காட்டுங்கள். அவள் எந்த இடத்தில் முகம் சுளிக்கிறாளோ அந்த வரியை விவாதம் இல்லாமல் எடுத்துவிடுங்கள்.

அத்தானை எனக்கு அவ்வளவா பழக்கம் இல்ல. அவரைப் பத்தி என்ன சொல்ல?

கண்ணால் பார்த்த ஒன்றைச் சொல்லுங்கள், சின்னதாக இருந்தாலும் போதும். "நல்ல குணமுள்ளவர், பண்பானவர், கடவுள் கொடுத்த வரம்" என்பதெல்லாம் எந்த மாப்பிள்ளைக்கும் பொருந்தும், அதனால் யாருக்கும் ஒட்டாது.

கருங்கல் தம்பியும் இதே கேள்வியைத்தான் கேட்டார். அத்தான் உங்கள் வீட்டுக்கு வந்திருப்பாரே, சாப்பிட்டாரா, அப்போது என்ன நடந்தது என்று நான் திருப்பிக் கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: நிச்சயம் முடிந்து சாப்பிடும்போது அத்தான் பாட்டிக்குப் பக்கத்து இலையில் உட்கார்ந்தார், பாட்டிக்குக் கை நடுங்கும், போளியைப் பிய்க்க முடியாமல் இருந்தார், அத்தான் தன் இலையை விட்டுவிட்டு அந்தப் போளியைப் பிய்த்துப் போட்டு, பாயசத்தை ஊற்றி, பிசைந்து கொடுத்தார். யாரும் சொல்லாமலே. இதைவிட வேறென்ன வேண்டும்? முள் எடுத்துக் கொடுத்த அக்காவுக்குப் பக்கத்தில் இதைக் கொண்டுபோய் வைத்தால் பேச்சு தானாகவே ஒன்று சேர்ந்துவிடும்.

அப்படி ஒன்றும் அமையவில்லை என்றால் கற்பனை செய்யாதீர்கள். மாப்பிள்ளை அதே மேடையில் இருக்கிறார், நடக்காத ஒன்றைச் சொன்னால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். அதற்குப் பதிலாக, அவர் வந்த பிறகு அக்காவிடம் பார்த்த மாற்றத்தைச் சொல்லலாம்.

அப்பா இல்ல. மேடையில அதச் சொல்லலாமா? அம்மா அழுதிருவாங்களோன்னு பயமா இருக்கு.

சொல்லுங்கள். ஹாலில் இருக்கிற உறவுக்காரர்கள் எல்லாரும் அதைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். நீங்கள் சொல்லாமல் விட்டால், சொல்லாதது பெரிதாகத் தெரியும்.

எங்கே சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதில்தான் கவனம் வேண்டும். கடைசியில் வைக்காதீர்கள். கண்ணீரோடு கிளாஸ் தூக்கச் சொன்னால் யாருக்கும் கை வராது. ஆரம்பத்தில் வைத்தால் அதற்குப் பிறகு சிரிக்க ஆட்கள் தயங்குவார்கள். நடுவில், கதைக்குள்ளேயே வரட்டும். "மறைந்த எங்கள் தந்தையாரை இந்த நேரத்தில் நினைவுகூர்ந்து" என்று அறிவிப்பாகச் சொல்வதைவிட, அவர் செய்த ஒரு காரியத்தைச் சொல்வது மேல். இந்தக் குடும்பத்தில் சந்தையில் சாளை வாங்கி வந்தது அப்பாதான், ஆகவே மீன் கதை தொடங்கும்போதே அவர் வந்துவிடுகிறார். பிறகு இரண்டு மூன்று வாக்கியம், ஒரு மூச்சு இடைவெளி, அதற்கு அடுத்த வரியே மெல்லச் சிரிக்க வைக்கும் வரியாக இருக்க வேண்டும். அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரிப்பார்.

அம்மாவுக்கு முந்தின நாளே, இப்படி ஒரு வரி வரும் என்று சொல்லி வையுங்கள். கதையைச் சொல்ல வேண்டாம், வரப்போவது மட்டும் தெரிந்தால் போதும்.

முழுசா ஒரு மாதிரி குடுங்க. எப்படி வரும்னு பாக்கணும்.

கருங்கல் தம்பி கடைசியில் பேசியது இதுதான். எழுத்துத் தமிழில் எழுதி மனப்பாடம் செய்யாமல், பேசுகிறபடியே எழுதிக்கொண்டார்.

"போதகர் ஐயாவுக்கும், ரெண்டு வீட்டுப் பெரியவங்களுக்கும், வந்திருக்க எல்லாருக்கும் வணக்கம். நான் பொண்ணோட தம்பி. இந்த மைக் என் கைக்கு வந்ததுமே அக்கா ஒரு பார்வை பாத்தா. அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம்னு எனக்குச் சின்ன வயசுல இருந்தே தெரியும். பயப்படாத அக்கா, மூணு நிமிஷந்தான்.

எங்க வீட்டுல ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிஞ்சு வந்தா கிழங்கும் சாளைக் கறியும். அப்பா சந்தைக்குப் போய் மீன் வாங்கிட்டு வருவாங்க. அம்மா தேங்கா அரைச்சுக் கறி வைப்பாங்க. நான் தட்ட எடுத்துட்டு நேரா அக்கா பக்கத்துல போய் உக்காருவேன். எனக்கு முள் எடுக்கத் தெரியாது. அவ ஒவ்வொரு முள்ளா எடுத்துட்டு, சதைய மட்டும் என் கிழங்கு மேல வைப்பா. ஏதோ ரெண்டு மூணு வயசுலன்னு நினைச்சிராதீங்க. நான் அப்போ பத்தாங்கிளாஸ்.

ஆனா ஒண்ணு. பெரிய மீன் எப்பவும் அவ தட்டுலதான் இருக்கும். கேட்டா, முள் எடுத்ததுக்குக் கூலின்னு சொல்லுவா. அத்தான், இனிமே அந்தக் கூலி உங்க கணக்கு.

இன்னைக்கு அப்பா இருந்திருந்தா இந்த மேடையில ஏறியிருக்க மாட்டாங்க. பந்தியில நின்னு, எந்த இலையில என்ன இல்லன்னு பாத்துட்டு நிப்பாங்க. அந்த வேலைய இப்போ எங்க சித்தப்பா செய்றாங்க. சித்தப்பா, பெரிய துண்டு அக்காவுக்கு, மறந்துராதீங்க.

அக்கா இப்போ நர்ஸ். நைட் டியூட்டி முடிஞ்சு காலையில வீட்டுக்கு வருவா. கண்ணு சொருகிட்டு இருக்கும். செருப்பக் கழட்டுறதுக்கு முன்னாடி கேக்குறது, 'லேய், நீ சாப்பிட்டியா?' தூங்காம வந்தவ கேக்குற கேள்வியா அது?

அத்தானை எனக்கு ரொம்ப நாளாத் தெரியாது. நிச்சயத்தன்னைக்கு ஒண்ணு பாத்தேன். எங்க பாட்டிக்குப் பக்கத்து இலையில உக்காந்திருந்தாங்க. பாட்டிக்குக் கை நடுங்கும். யாரும் சொல்லல. அத்தான் போளியப் பிச்சுப் போட்டு, பாயசம் ஊத்திப் பிசைஞ்சு குடுத்தாங்க. அன்னைக்கு ராத்திரி நான் அம்மாட்ட சொன்னேன், அக்காவுக்கும் முள் எடுத்துக் குடுக்க ஆள் வந்தாச்சுன்னு.

மாமா, அத்தை, காலையில காப்பி குடிக்காம அவட்ட எதுவும் கேட்டுராதீங்க. காப்பி குடிச்ச பிறகு என்ன கேட்டாலும் செய்வா.

எல்லாரும் ஒரு நிமிஷம் எழும்புங்க. மேடையில இருக்கவங்க கிளாஸ எடுங்க. கீழ இருக்கவங்க வலது கைய மேல தூக்குங்க. அக்கா, அத்தான், உங்க வீட்டுப் பானையில எப்பவும் ஒரு ஆளுக்குக் கூடுதலா சோறு இருக்கட்டும். அந்த ஆள் நான்தான். மணமக்கள்..."

ஹால் முழுக்க "வாழ்க!" என்றது.

வாசித்துப் பார்த்தால் மூன்று நிமிடத்துக்குள் முடியும், மேடையில் நாலைத் தொட்டது. "பத்தாங்கிளாஸ்" என்ற சொல்லுக்குப் பிறகு அவர் வாயை மூடிக்கொண்டு நின்றார், அது நாங்கள் முன்னாடியே பேசி வைத்தது. சிரிப்பு வரும் வார்த்தை வாக்கியத்தின் கடைசியில் இருக்க வேண்டும். "நான் பத்தாங்கிளாஸ் படிக்கும்போதும் அக்காதான் எனக்கு முள் எடுத்துக் கொடுப்பாள்" என்று முன்னால் கொண்டுவந்தால் அதே கதைக்குச் சிரிப்பு வராது. சிரிப்பு அடங்கும்வரை அடுத்த வரியைத் தொடங்காதீர்கள். முழுசாக அடங்கவும் காத்திருக்க வேண்டாம், குறையத் தொடங்கியதும் பேசலாம்.

கீழ இருக்கவங்க கையில கிளாஸ் இருக்காதே, டோஸ்ட் எப்படிச் சொல்றது?

சரியான கேள்வி. நம் ஹால்களில் திராட்சை ரசம் மேடைக்கு மட்டும்தான் வரும். நூற்றுக்கணக்கான பேருக்கு அதே நேரத்தில் கிளாஸ் கொடுப்பது நடக்கிற காரியம் இல்லை. மேடையில் ஏழெட்டுப் பேர் கிளாஸ் தூக்க, மற்ற எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தால் டோஸ்ட் போட்டோ எடுக்கிற நேரமாகிவிடும். ஆகவே கீழே இருப்பவர்களுக்குச் செய்ய ஒரு வேலை கொடுங்கள். எழும்பச் சொல்வது, கை தூக்கச் சொல்வது, ஒரே வார்த்தையைச் சேர்ந்து சொல்ல வைப்பது. "மணமக்கள்" என்று நீங்கள் நிறுத்தினால் "வாழ்க" என்பது யாரும் சொல்லித்தராமலே வரும். வேறு புதுமையான வார்த்தை எதுவும் முயற்சிக்க வேண்டாம், அரங்கம் தடுமாறும்.

பேசத் தொடங்கும் முன்பே மேடைக் கிளாஸ்களில் ரசம் ஊற்றியாச்சா என்று பார்த்துக்கொள்ளுங்கள். இல்லையென்றால் நீங்கள் கிளாஸ் எடுங்கள் என்று சொன்ன பிறகு ஒருவர் பாட்டில் திறந்துகொண்டிருப்பார். உங்கள் கிளாஸைப் பேசும்போது கையில் பிடிக்காமல் மேசையில் வையுங்கள், மைக்கும் தாளும் இருக்கிற கையில் அது மூன்றாவது சுமை. வாழ்த்தப்படுகிறவர்கள் தங்களுக்கான டோஸ்டில் தாங்களே குடிப்பதில்லை என்பது பழைய முறை. நம் ஊரில் மணமக்களும் சேர்ந்து ஒரு வாய் குடிப்பார்கள், அதில் ஒரு குறையும் இல்லை.

மைக் கூவுது, சத்தம் கேக்கல, இதெல்லாம் எப்படிச் சமாளிக்க?

மைக் கூவுவது பெரும்பாலும் ஸ்பீக்கர் பெட்டிக்கு முன்னால் போய் நிற்பதால். பெட்டியில் இருந்து வரும் சத்தத்தையே மைக் மறுபடி வாங்கி, அதே சத்தம் மறுபடி பெட்டிக்குப் போய்ச் சுற்றிக்கொண்டே பெருகும். பெட்டிக்குப் பின்பக்கமாக வந்து நில்லுங்கள், அநேகமாக நின்றுவிடும். மைக்கின் வலைத் தலையைக் கையால் பொத்திப் பிடித்தாலும் கூவும், ஆகவே கீழே தண்டைப் பிடியுங்கள். வாயிலிருந்து நாலு விரல் தூரம், வாய்க்குச் சற்றுக் கீழே. அக்காவைப் பார்க்கத் தலையைத் திருப்பும்போது மைக்கையும் சேர்த்துத் திருப்புங்கள். பலர் இதில்தான் தவறவிடுகிறார்கள், சிரிக்க வேண்டிய வரி மைக்குக்கு வெளியே போய்விடும்.

தாள் வைத்துப் படிக்கலாமா என்றும் கேட்பார்கள். போனைவிடத் தாள் நல்லது, போனில் திரை அணையும், நடுவில் அழைப்பும் வரும். முழுப் பேச்சையும் தாளில் வையுங்கள், ஆனால் முதல் இரண்டு வரியையும் கடைசி வரியையும் பார்க்காமல் சொல்லுங்கள்.

நான் மேடையில அழுதுட்டா?

நிறுத்துங்கள், மூச்சை மெதுவாக வெளியே விடுங்கள், ஒரு வாய் தண்ணீர் குடியுங்கள். யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள், பெரும்பாலும் ஹாலே கைதட்டி நேரம் வாங்கிக் கொடுக்கும். குரல் திரும்பவில்லை என்றால் நடுவில் இருப்பதை எல்லாம் விட்டுவிட்டு நேராக "எல்லாரும் எழும்புங்க" என்ற இடத்துக்குத் தாவிவிடுங்கள். அதற்காகவே தாளில் அந்த வரியைச் சிவப்பில் கோடிட்டு வையுங்கள். எந்த வரியில் தொண்டை அடைக்கும் என்பது வீட்டில் வாய்விட்டு வாசிக்கும்போதே தெரிந்துவிடும்.

மாப்பிள்ளை வீடு சென்னை. நம்ம ஊர் பாஷையில பேசினா புரியுமா?

புரியும். வீட்டில் பேசுகிறபடி பேசினால்தான் உங்கள் குரலில் உண்மை இருக்கும், செந்தமிழுக்கு மாறியதும் பள்ளிப் பேச்சுப் போட்டி மாதிரி ஆகிவிடும். வேகத்தை மட்டும் குறையுங்கள், நம் ஆட்கள் வேகமாகப் பேசுவதுதான் வெளியூர்க்காரர்களுக்குச் சிரமம். சிரிப்பு வர வேண்டிய வரியில் மட்டும் வெளியூருக்குத் தெரியாத சொல் இருக்கக் கூடாது. சாளை என்றால் அவர்களுக்கு மத்தி, கிழங்கு என்றால் மரவள்ளி. ஒரு முறை சேர்த்துச் சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள்.

நாங்க இந்து. ரிசப்ஷன்ல டோஸ்ட் எல்லாம் கிடையாது. ஆனா எனக்குப் பேசணும்.

பேசலாம், கிளாஸ் மட்டும் தேவையில்லை. உங்களுக்கு இருக்கும் சிக்கல் வேறு: மாலை ரிசப்ஷனில் மேடைக்கு வரும் வரிசை நிற்கவே நிற்காது, பரிசு கொடுத்து போட்டோ எடுத்துக்கொண்டே இருப்பார்கள். அதன் நடுவில் மைக் பிடித்தால் யார் காதிலும் விழாது. மணமக்கள் மேடை ஏறி உட்கார்ந்ததும், வரிசை தொடங்கும் முன், போட்டோகிராபரிடம் சொல்லி ஐந்து நிமிடம் வாங்கிக்கொள்ளுங்கள். மெல்லிசைக் கச்சேரி இருந்தால் அவர்கள் மைக்கே போதும். காலையில் அக்கா கையில் பொரி அள்ளிப் போட்டவர் நீங்கள் என்றால், அங்கிருந்தே தொடங்கலாம், எல்லாரும் அதைப் பார்த்தவர்கள்தான். முடிவில் "மணமக்கள் வாழ்க" இதற்கும் பொருந்தும்.

நான் தம்பி இல்ல, அண்ணன். தங்கச்சிக்குப் பேசுறேன். ஏதாவது மாறுமா?

ஒன்று மாறும். அண்ணன்மார் பேச்சில் எங்கிருந்தோ ஒரு மிரட்டல் வந்து சேர்ந்துவிடுகிறது, "என் தங்கச்சி கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி வந்தா..." என்று. விளையாட்டாகத்தான் சொல்கிறீர்கள். ஆனாலும் கேட்கிற மாமியார் முதல் நாளிலேயே குற்றவாளிக் கூண்டில் நிற்பார். அதற்குப் பதிலாக மாப்பிள்ளைக்கு ஒரு உதவி செய்யுங்கள்: தங்கச்சி கோபமாக இருந்தால் எப்படித் தெரியும், அப்போது என்ன வாங்கிக் கொடுத்தால் சரியாகும் என்று சொல்லிக்கொடுங்கள். அவளும் சிரிப்பாள், அவருக்கும் பயன்படும். தங்கச்சியின் மாப்பிள்ளையை நீங்கள் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற பழக்கம் இருந்தாலும் மேடையில் "மாப்பிள" என்றே சொல்லுங்கள், அவருடைய பெரியவர்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.